ஒரே தாளத்தில் ஓடும் பத்தியைத் திருத்த மூன்று வழிகள்: எதை எங்கே கையாள்வது?

செறிவான கட்டுரை ஒன்றை எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போது, கருத்தில் குறை எதுவும் இல்லாமலே பத்தி கனத்துக் கிடப்பதுண்டு. வாக்கியம் எல்லாம் "இந்த", "இது" என்று தொடங்கும். எட்டு ஒன்பது சொற்கள் ஓடி, "-கிறது" என்றோ "ஆகும்" என்றோ நிற்கும். அடுத்ததும் அப்படியே. படிப்பவருக்குச் சலிப்பு வருவதைத்தான் நாம் முதலில் கவனிக்கிறோம். ஆனால் அதைவிடப் பெரிய சேதம் வாதத்துக்கு நேர்கிறது. எல்லா வாக்கியங்களும் ஒரே எடையில் வரும்போது, எது எழுதியவரின் முடிவு, எது அவர் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்தது, எது வெறும் சான்று என்பது காதில் விழுவதில்லை. படிப்பவர் அதைத் தானாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. செறிவான கட்டுரையில் அந்த வேலையையும் அவர் தலையில் வைத்தால் பாதியில் விட்டுவிடுவார்.

இதைத் திருத்த மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, வாக்கியத் தொடக்கங்களை மட்டும் மாற்றுவது. இரண்டாவது, வாக்கியங்களை வெட்டியும் ஒட்டியும் நீளத்தைக் கலைப்பது. மூன்றாவது, ஒவ்வொரு வாக்கியமும் வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்து, அந்த வேலைக்கு ஏற்ற நீளத்தையும் தொடக்கத்தையும் கொடுப்பது. மூன்றில் எதை எப்போது எடுப்பது என்று முடிவுசெய்ய, ஒரே பத்தியை மூன்று விதமாகவும் திருத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. இதற்காகவே எழுதிய பத்தி இது:

> சாலை அகலப்படுத்தல் நெரிசலைக் குறைக்கும் வழியாகப் பல நகரங்களில் முன்வைக்கப்படுகிறது. இந்த அகலப்படுத்தல் தொடக்கத்தில் பயண நேரத்தைக் குறைப்பதாகக் காணப்படுகிறது. இந்தக் குறைவு சாலையைத் தவிர்த்துவந்தவர்களை மீண்டும் அதே சாலைக்கு ஈர்க்கிறது. இது வேறு நேரத்தில் பயணித்தவர்களையும் உச்ச நேரத்துக்கு மாறச் செய்கிறது. இது பேருந்தில் சென்றவர்களில் சிலரையும் சொந்த வண்டிக்கு மாறச் செய்கிறது. இந்த மாற்றங்களின் விளைவாகச் சாலை சில ஆண்டுகளில் மீண்டும் நிரம்பிவிடுகிறது. இந்த நிலை அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்விலும் உறுதிசெய்யப்படுகிறது. இந்த அகலப்படுத்தலால் கூடுதலானோர் பயணிக்க முடிவது ஒரு நன்மையாகும். இந்த நன்மையை நெரிசல் குறைப்பாகக் கருதுவது தவறான முடிவாகும்.

ஒன்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் 7 முதல் 9 சொற்கள். எட்டு வாக்கியங்கள் "இந்த" அல்லது "இது" என்று தொடங்குகின்றன. ஏழு வாக்கியங்கள் "-கிறது" என்று முடிகின்றன, மற்ற இரண்டும் "ஆகும்". இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வாதமும் சரியான வரிசையில்தான் போகிறது.

திருத்தத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடலாம். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்களையும் கடைசிச் சொல்லையும் தனித்தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கம் மட்டும் போதாது, கடைசிச் சொல்லும் வேண்டும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வந்து நிற்கிறது. காது ஒரு கணம் ஓய்வது அங்கேதான். அதனால் தமிழ்ப் பத்தி சலிப்பூட்டுவதில் தொடக்கத்துக்கு இருக்கும் பங்கைவிட முடிவுக்கு இருக்கும் பங்கு பெரும்பாலும் அதிகம். "முன்வைக்கப்படுகிறது, காணப்படுகிறது, உறுதிசெய்யப்படுகிறது" என்று கீழ்நோக்கிப் படித்தாலே சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நீளத்தை அளக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. சொல் எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது. ஒருவர் "செய்ய வேண்டியிருக்கிறது" என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார், இன்னொருவர் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவார். வாக்கியத்தில் எத்தனை வினை இருக்கிறது என்று எண்ணுவது மேல். எச்சங்களும் முற்றும் சேர்த்து ஒன்றே ஒன்று என்றால் அது குறுகிய வாக்கியம். நான்கு ஐந்து என்றால் நீண்டது. மேலே உள்ள பத்தியில் எந்த வாக்கியத்திலும் நான்கு வினை இல்லை. ஒரே வினையில் நிற்கிற வாக்கியமும் அரிது.

தொடக்கத்தை மட்டும் மாற்றினால்

இது மிக வேகமான வழி. தமிழில் சொல் வரிசை இளக்கமானது என்பதால் வசதியாகவும் இருக்கும். செயப்படுபொருளை முன்னால் கொண்டுவரலாம், காலத்தையும் இடத்தையும் முன்னால் வைக்கலாம், வேற்றுமை உருபு பொருளைக் காப்பாற்றிவிடும். பத்தியின் முற்பகுதியை அப்படி மாற்றிப் பார்ப்போம்:

> நெரிசலைக் குறைக்கும் வழியாகச் சாலை அகலப்படுத்தல் பல நகரங்களில் முன்வைக்கப்படுகிறது. தொடக்கத்தில் இது பயண நேரத்தைக் குறைப்பதாகக் காணப்படுகிறது. சாலையைத் தவிர்த்துவந்தவர்களை இந்தக் குறைவு மீண்டும் அதே சாலைக்கு ஈர்க்கிறது. மேலும், வேறு நேரத்தில் பயணித்தவர்களையும் உச்ச நேரத்துக்கு மாறச் செய்கிறது. அதுமட்டுமின்றிச் சொந்த வண்டிக்குப் பேருந்துப் பயணிகளில் சிலரையும் மாறச் செய்கிறது.

தாளில் பார்த்தால் தொடக்கங்கள் வேறு வேறாகிவிட்டன. வாய்விட்டுப் படித்தால் பத்தி கிட்டத்தட்ட பழையபடியேதான் ஒலிக்கிறது, ஏனென்றால் முடிவுகள் மாறவில்லை. அதைவிட முக்கியமாக, இரண்டு இடங்களில் பொருள் லேசாக நகர்ந்திருக்கிறது.

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் வினைக்குச் சற்று முன்னால் நிற்கும் சொல்லுக்குத்தான் இயல்பாக அழுத்தம் விழும். மூலத்தில் அந்த இடத்தில் "சொந்த வண்டிக்கு" இருந்தது. வாதத்துக்குத் தேவையான புதுச் செய்தி அதுதான்: சாலைக்கு இன்னொரு வண்டி வருகிறது. திருத்தத்தில் அந்த இடத்துக்குப் "பேருந்துப் பயணிகளில் சிலரையும்" வந்துவிட்டது. இப்போது வாக்கியம் யார் மாறினார்கள் என்பதை வற்புறுத்துகிறது, எதற்கு மாறினார்கள் என்பது பின்னுக்குப் போய்விட்டது. தொடக்கத்தை மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அழுத்தம் விழும் இடத்தை மாற்றிவிட்டோம்.

மூன்றாம் வாக்கியத்தில் நடந்தது வேறு. மூலத்தில் "இந்தக் குறைவு" என்ற தொடக்கம், முந்தைய வாக்கியத்தின் "குறைப்பதாக" என்பதைக் கையோடு பிடித்துக்கொண்டிருந்தது. தெரிந்ததில் தொடங்கிப் புதியதில் முடியும் வாக்கியம் அது. அதை உள்ளே தள்ளியபோது அந்தப் பிடி தளர்ந்தது. ஆகவே "இந்த" என்ற தொடக்கம் எல்லா இடத்திலும் குற்றம் இல்லை. அதை அடுத்து வரும் பெயர், முந்தைய வாக்கியத்தில் அப்போதுதான் பிறந்த பொருளாக இருந்தால், அந்த "இந்த" வேலை செய்கிறது என்று அர்த்தம், விட்டுவிடலாம். ஏழாம் வாக்கியத்தின் "இந்த நிலை" அப்படி இல்லை. எந்த நிலை என்று கேட்டால் விரல் நீட்ட இடம் இல்லை. எட்டாம் வாக்கியத்தின் "இந்த அகலப்படுத்தல்" ஆறு வாக்கியங்களுக்கு அப்பால் இருப்பதைச் சுட்டுகிறது. இந்த இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு ஆபத்து, இணைப்புச் சொற்கள். தொடக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே "மேலும்" இருந்த இடத்தில் "எனவே" போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "எனவே" என்றால் முன்னது பின்னதற்குக் காரணம். "மேலும்" என்றால் பின்னது முன்னதோடு சேர்கிறது. இவை வாதத்தின் மூட்டுகள். அலங்காரத்துக்காக ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தால் எழுதியவர் சொல்லாத ஒரு வாதம் உருவாகிவிடும். "நெரிசல்" என்ற சொல்லே திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஓரிடத்தில் "நெருக்கடி" என்று மாற்றுவதும் இதே வகைத் தவறு. வாதத்தின் மையச் சொல் ஒரே சொல்லாக இருப்பதால் ஒருவருக்கும் சலிப்பு வராது. அது மாறினால் வேறு எதையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று குழப்பம் வரும்.

சரி, அப்படியானால் இந்த வழியே வேண்டாமா? வேண்டும், ஆனால் கடைசியில். மற்ற வேலை முடிந்தபின் அடுத்தடுத்து மூன்று வாக்கியங்கள் காரணமில்லாமல் ஒரே மாதிரி தொடங்கி நின்றால், அங்கே மட்டும் கை வைக்கலாம். அடுத்தவர் எழுதியதைத் திருத்தும்போது, வாதத்தைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை என்றாலும், அழுத்தம் நகராமல் பார்த்துக்கொண்டு இதை மட்டும் செய்யலாம்.

வெட்டியும் ஒட்டியும் பார்த்தால்

"நீண்ட வாக்கியம், குட்டி வாக்கியம் என்று மாற்றி மாற்றி எழுது" என்ற அறிவுரையை எழுதப் பழகியவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அதன்படி திருத்தினால் நம் பத்தி இப்படி ஆகும்:

> சாலை அகலப்படுத்தல் நெரிசலைக் குறைக்கும் வழியாகப் பல நகரங்களில் முன்வைக்கப்படுகிறது. தொடக்கத்தில் பயண நேரம் குறைகிறது. இந்தக் குறைவு சாலையைத் தவிர்த்துவந்தவர்களை மீண்டும் ஈர்த்து, வேறு நேரத்தில் பயணித்தவர்களை உச்ச நேரத்துக்கு மாற்றி, பேருந்தில் சென்றவர்களில் சிலரையும் சொந்த வண்டிக்குக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் சாலையை மீண்டும் நிரப்பிவிடுகிறது. 2011ஆம் ஆண்டின் ஆய்வும் இதை உறுதிசெய்கிறது. அகலப்படுத்தலால் கூடுதலானோர் பயணிக்க முடிவது ஒரு நன்மை என்றாலும் அந்த நன்மையை நெரிசல் குறைப்பாகக் கருதுவது தவறான முடிவாகும்.

ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே தெரிகிற நல்ல மாற்றம் இது. பத்தி மூச்சு விடுகிறது. மூன்றாவது வாக்கியம் நீளமாக இருந்தாலும் திணறவில்லை. காரணம், அது வினையெச்சங்களால் கோத்த நீளம். "ஈர்த்து", "மாற்றி", "கொண்டுவந்து" என்று ஒவ்வொரு படியும் முடிந்தபின் அடுத்தது வருகிறது. படிப்பவர் எதையும் மனதில் நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இதே செய்தியைப் பெயரெச்சங்களால் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: "தவிர்த்துவந்தவர்களையும் வேறு நேரத்தில் பயணித்தவர்களையும் பேருந்தில் சென்றவர்களில் சிலரையும் ஈர்க்கிற, அகலப்படுத்தலால் உண்டாகிற பயண நேரக் குறைவு…" எதைப் பற்றிய வாக்கியம் என்பது "குறைவு" வரும்வரை தெரியாது. அதுவரை வந்த அத்தனை சொல்லையும் சுமந்துகொண்டே போக வேண்டும். ஆக, நீளத்தை மட்டும் குற்றம் சொல்வதில் பயன் இல்லை. வினையெச்சத்தால் வந்த நீளம் நடக்கும், பெயரெச்சத்துக்குள் பெயரெச்சமாக வந்த நீளம் நின்றுவிடும். நீண்ட வாக்கியம் ஒன்றை வெட்டத் தோன்றினால், முதலில் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

ஒட்டும்போது எழுவாயையும் கவனிக்க வேண்டும். மேலே மூன்று எச்சங்களுக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றே, "குறைவு". அதனால்தான் சங்கிலி அறுபடவில்லை. "நிர்வாகம் சாலையை அகலப்படுத்தி, வண்டிகள் கூடின" என்று ஒட்டினால் காது உடனே மறுக்கும், ஏனென்றால் அகலப்படுத்தியது ஒருவர், கூடியது வேறொன்று. அங்கே "அகலப்படுத்தியதால்" என்றோ "அகலப்படுத்தியதும்" என்றோ வர வேண்டும். அவை வெறும் ஒட்டுகள் இல்லை. முதலாவது காரணம் என்கிறது, இரண்டாவது காலம் என்கிறது. எது உண்மையோ அதைத்தான் எழுத முடியும்.

இனி, இந்தத் திருத்தத்தின் பெரிய குறைக்கு வருவோம். இதில் இரண்டு வாக்கியங்கள்தான் குட்டையானவை. நீண்ட வாக்கியங்களுக்கு நடுவே நிற்கும் குட்டை வாக்கியம் எப்போதும் மற்றவற்றைவிட உரக்க ஒலிக்கும். சரி, அந்த இரண்டையும் மட்டும் எடுத்துப் படியுங்கள்: "தொடக்கத்தில் பயண நேரம் குறைகிறது. 2011ஆம் ஆண்டின் ஆய்வும் இதை உறுதிசெய்கிறது."

எழுதியவர் மறுக்க வந்த வாதம் அப்படியே வந்து நிற்கிறது. சாலையை அகலப்படுத்தினால் பலன் உண்டு, ஆய்வும் அதைச் சொல்கிறது என்று வேகமாகப் படிப்பவர் மனதில் பதிந்துவிடும். எழுதியவரின் உண்மையான முடிவோ கடைசி நீண்ட வாக்கியத்தின் பின்பாதியில், "என்றாலும்" என்பதற்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. தாளம் வந்துவிட்டது, ஆனால் அது எதிர்த்தரப்புக்காக வாசிக்கப்படும் தாளம். நீளத்தை மட்டும் பார்த்து வெட்டியதால் வந்த வினை இது. எந்த வாக்கியம் எளிதில் சுருங்கியதோ அது சுருங்கியது, எது சுருங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குட்டை வாக்கியங்களை மட்டும் எடுத்துப் படிக்கும் இந்தச் சோதனையை எந்தப் பத்திக்கும் செய்யலாம், அரை நிமிடம்கூட ஆகாது. கட்டுரையின் எலும்புக்கூடு அவற்றில் தெரிந்தால் நல்லது. சம்பந்தமில்லாத செய்தியோ எதிர்த்தரப்பின் கருத்தோ தெரிந்தால் நீளங்கள் இடம் மாறி விழுந்திருக்கின்றன.

வேலையைப் பார்த்து அமைத்தால்

மூன்றாவது வழியில் முதலில் எதையும் மாற்றக் கூடாது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது என்ன செய்கிறது என்று ஒரு சொல்லில் எழுத வேண்டும். நம் பத்தியில் முதல் வாக்கியம் எதிர்த்தரப்பு. இரண்டாவது ஒப்புதல். மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் காரணங்கள், ஒரே தரத்தில் உள்ளவை. ஆறாவது விளைவு, வாதம் திரும்புகிற இடம். ஏழாவது சான்று. எட்டாவது மீண்டும் ஒப்புதல். ஒன்பதாவது முடிவு.

இதை எழுதியவுடனே சில தீர்மானங்கள் தாமாக வந்துவிடுகின்றன. திருப்பமும் முடிவும் குட்டையாக இருக்க வேண்டும், அவை ஒலிக்க வேண்டியவை. சான்று நீளமாக இருக்கலாம், அது விவரம் சொல்லியாக வேண்டும். ஒப்புதல் தன்னந்தனியாக நிற்கக் கூடாது, எதிர்வாதத்தோடு ஒரே வாக்கியத்துக்குள் கட்டப்பட்டிருந்தாலோ, எதிர்வாதம் அடுத்த வாக்கியத்திலேயே வந்தாலோதான் அது ஒப்புதலாக ஒலிக்கும். ஒரே தரத்தில் உள்ள மூன்று காரணங்களும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே நீளத்தில் இருப்பது நல்லது. மூன்றும் சமம் என்பதை அந்த ஒற்றுமைதான் சொல்கிறது. முதல் வழியில் நாம் கஷ்டப்பட்டுக் கலைத்தது இந்த ஒற்றுமையைத்தான். திருத்திய பத்தி:

> நெரிசல் குறைய வேண்டுமென்றால் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பது பல நகரங்களில் முன்வைக்கப்படும் வாதம். அகலப்படுத்தியதும் பயண நேரம் குறையத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் குறைவே அடுத்த கூட்டத்தை அழைத்துவருகிறது. இதுவரை அந்தச் சாலையைத் தவிர்த்தவர்கள் அதற்குத் திரும்புகிறார்கள். இதுவரை வேறு நேரத்தில் கிளம்பியவர்கள் உச்ச நேரத்துக்கு மாறுகிறார்கள். இதுவரை பேருந்தில் சென்றவர்களில் சிலர் சொந்த வண்டி எடுக்கிறார்கள். சில ஆண்டுகளில் சாலை மீண்டும் நிரம்புகிறது. அமெரிக்கப் பெருநகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சாலைத் தடங்களின் நீளம் எந்த விகிதத்தில் கூடியதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடிய தொலைவும் கூடியதைக் காட்டியது. அகலமான சாலையில் முன்பைவிட அதிகம் பேர் பயணிக்க முடிகிறது என்பது உண்மை, அது ஒரு நன்மையும்கூட. அதற்குப் பெயர் நெரிசல் குறைப்பு அல்ல.

மூன்று "இதுவரை" அடுத்தடுத்து வந்தும் சலிப்பு இல்லை. படிப்பவர் இரண்டாவது "இதுவரை"யிலேயே இது ஒரு வரிசை என்று கண்டுகொள்கிறார், மூன்றாவதை எதிர்பார்க்கிறார். அதன்பின் "சில ஆண்டுகளில்" என்று வேறு விதமாகத் தொடங்கும்போது வரிசை முடிந்தது, கூட்டல் வந்துவிட்டது என்று காதே சொல்லிவிடுகிறது. முடிவுகளையும் பாருங்கள்: "வாதம்" என்று பெயரில் நிற்கிறது ஒன்று, "-கிறார்கள்" மூன்று, "காட்டியது" என்று இறந்தகாலத்தில் ஒன்று, "அல்ல" என்று மறுப்பில் ஒன்று. பெயர்ப்பயனிலையும் எதிர்மறையும் தமிழில் கையருகே இருக்கும் வசதிகள். செறிவான கட்டுரை எழுதுபவர்கள் அவற்றைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். "வாதமாகும்", "வாதமாகக் கருதப்படுகிறது" என்றெல்லாம் நீட்டாமல் "வாதம்" என்று நிறுத்தினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது.

முந்தைய சோதனையை இங்கே செய்து பார்ப்போம். வரிசையாக வரும் மூன்று காரணங்களை விட்டுவிட்டால், தனித்து நிற்கும் குட்டை வாக்கியங்கள் இரண்டு: "சில ஆண்டுகளில் சாலை மீண்டும் நிரம்புகிறது. அதற்குப் பெயர் நெரிசல் குறைப்பு அல்ல." கட்டுரை சொல்ல வந்தது இதுதான்.

ஏழாம் வாக்கியத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மூலத்தில் ஆய்வு எதையோ "உறுதிசெய்தது" என்று மட்டும் இருந்தது. எதை என்று இல்லை. மற்ற வாக்கியங்களோடு சம நீளத்தில் நின்றதால் அந்த ஓட்டை கண்ணில் படவில்லை. ஓரத்தில் "சான்று" என்று எழுதி, சான்றுக்கு நீளம் தரலாம் என்று தீர்மானித்தபோதுதான், நீட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. இரண்டாவது வழியில் அதே வாக்கியத்தை வெறுமனே சுருக்கினோம், ஓட்டை இன்னும் நன்றாக மூடிக்கொண்டது. தாளத்துக்காகச் செய்யும் வேலை வாதத்தின் பலவீனத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த வழியில் மட்டும்தான் அடிக்கடி நடக்கிறது. எனக்கு இது பிடித்திருப்பதற்கு முதல் காரணமும் அதுவே.

ஆனால் இதற்கும் ஒரு பொறி உண்டு. திருப்பத்தைக் குட்டையாக்கும் ஆசையில் ஆறாவது வாக்கியத்தை "சாலை மீண்டும் நிரம்புகிறது" என்று நிறுத்தத் தோன்றும். ஒலி அப்போது இன்னும் அழகாக இருக்கும். ஆனால் "சில ஆண்டுகளில்" என்பது போனால் அகலப்படுத்திய மறுநாளே நிரம்பிவிடும் என்பது போல வாக்கியம் சொல்லத் தொடங்கிவிடும். "சிலர்", "பெரும்பாலும்", "ஏறத்தாழ", "தொடக்கத்தில்" போன்ற சொற்கள்தான் சுருக்கும்போது முதலில் உதிர்கின்றன, அவைதான் வாதத்தின் அளவைக் குறிப்பவை. இரண்டாவது வழியிலும் இது நடந்தது: மூலத்தில் "குறைப்பதாகக் காணப்படுகிறது" என்று தயங்கிச் சொன்னது, வெட்டியபின் "குறைகிறது" என்று உறுதியாகிவிட்டது. திருத்தியபின் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட சொற்களை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் புதிய பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். காணாமல் போனது எதுவாக இருந்தாலும், வேண்டுமென்றே எடுத்ததா, ஒலிக்காக விழுந்ததா என்று கேட்டுவிட்டு மேலே போகலாம்.

மூலத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து புதிதாக எழுதுவது என்று நான்காவது வழியும் ஒன்று உண்டு. தாளம் அதில் இயல்பாக வரும். ஆனால் செறிவான கட்டுரையில் சான்றுகளும் வரம்புகளும் நினைவில் தங்காது, அதனால் திரும்ப மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் வேலை இரண்டு மடங்காகிறது. சிறிய முன்னுரைப் பத்திக்கு வேண்டுமானால் சரி.

எதை எங்கே

மூன்றாவது வழிதான் சிறந்தது என்று சொல்லிவிட்டாலும், நீண்ட கட்டுரை முழுவதும் அதையே செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு நேரமும் பிடிக்கும், தேவையும் இல்லை. கட்டுரையில் வாதம் திரும்பும் பத்திகள் சிலதான் இருக்கும்: உங்கள் நிலைப்பாட்டை முதன்முதலில் சொல்லும் பத்தி, எதிர்த்தரப்புக்கு எதையாவது விட்டுக்கொடுக்கும் பத்தி, முடிவுப் பத்தி. இவற்றில் மூன்றாவது வழியே வேண்டும். இங்கே தாளம் தவறினால் வாதமும் தவறிவிடும் என்பதைச் சாலைப் பத்தியில் பார்த்தோம்.

விவரிக்கும் பத்திகளுக்கும் நிகழ்ந்ததைச் சொல்லும் பத்திகளுக்கும் இரண்டாவது வழி போதும். அங்கே ஒரு வாக்கியம் மற்றதைவிட உரக்க ஒலித்தாலும் பெரிய தீங்கு இல்லை. எழுவாய் ஒன்றாக இருக்கிற வாக்கியங்களை வினையெச்சத்தால் கோத்துவிட்டு, பெயரெச்ச அடுக்குகளைப் பிரித்துவிட்டால் பத்தி ஓடத் தொடங்கிவிடும். குட்டை வாக்கியச் சோதனையை மட்டும் ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

சில பத்திகளைத் தொடவே கூடாது. வரையறைகள், நிபந்தனைகள், செய்முறைப் படிகள் போன்றவற்றில் படிப்பவர் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அங்கே ஒரே தொடக்கமும் ஒரே அமைப்பும் அவருக்கு உதவி. வாக்கியத்தை மாற்றினால், பொருளும் மாறியிருக்கிறதோ என்று அவர் நின்று யோசிப்பார்.

கட்டுரை உங்களுடையது இல்லை, வேறொருவருடையதைச் செப்பம் செய்கிறீர்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். எது முடிவு, எது ஒப்புதல் என்று ஓரத்தில் எழுதுவது அவருடைய வாதத்தை நீங்கள் தீர்மானிப்பதாகிவிடும். அதனால் திருத்துவதற்கு முன் அந்த ஓரக் குறிப்புகளை மட்டும் அவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. "இந்த வாக்கியம்தான் உங்கள் முடிவா?" என்ற கேள்விக்கு "இல்லை, அடுத்தது" என்று பதில் வந்தால், பத்தி ஏன் மந்தமாக இருந்தது என்பதும் அங்கேயே புரிந்துவிடும். அவரைக் கேட்க வழியில்லை என்றால் இரண்டாவது வழியோடு நிறுத்திக்கொண்டு, அளவுச் சொற்கள் ஒன்றும் உதிரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

மூன்றாவது வழியைச் சில பத்திகளில் செய்து பழகியபின் ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு பத்தியும் நீளமாக ஓடி, நான்கு ஐந்து சொல் கொண்ட ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கத் தொடங்கும். மூன்றாம் பத்தியிலேயே படிப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார், அதற்குமேல் அந்தக் குட்டை வாக்கியம் எதையும் அழுத்திச் சொல்லாது. பத்திக்குள் நாம் ஒழித்த ஒரே தாளம் பத்திகளுக்கு இடையே திரும்பி வந்திருக்கும். இதைக் கண்டுகொள்ள, ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். குட்டையானவை அடுத்தடுத்து வந்தால், அவற்றில் வாதம் உண்மையில் முடிகிற பத்தியை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றில் திருப்பத்தைப் பத்தியின் நடுவுக்கு நகர்த்தி, அதன்பின் சான்றை வைத்து முடிக்கலாம். சாலைப் பத்தியில் ஆறாவது வாக்கியம் நடுவில் நின்றும் ஒலி குறையவில்லை என்பதை மேலே பார்த்தோமே, அதே அமைப்புத்தான்.